பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பக்கம்

2015-இல் ஜெர்மனியில் ஒருவர் ஹெய்ன்ஸ் கெச்சப் பாட்டிலில் இருந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தார். திறந்தது ஓர் ஆபாசத் தளம். பாட்டில் லேபிளை வாடிக்கையாளரே வடிவமைக்கலாம் என்று நிறுவனம் நடத்திய போட்டிக்காக அச்சிட்ட குறியீடு அது. போட்டி முடிந்ததும், அதற்காக வாங்கிய இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். வேறு யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கோவைப் பக்கம் சிறு உணவு நிறுவனங்களுக்குப் பாக்கெட் வடிவமைக்கும் ஒருவர், புதிதாக வருகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறார். அவரிடம் இடியாப்ப மாவு தயாரிப்பாளர் ஒருவர் வந்தார். கம்பெனியின் முகப்புப் பக்கத்துக்குப் போகும் குறியீடு கையில் தயாராக இருந்தது. “அண்ணே, இதை ஸ்கேன் பண்றவங்க மாவை ஏற்கெனவே வாங்கிட்டவங்க. அடுப்புல தண்ணி கொதிக்குது. அவங்களுக்கு எதுக்கு உங்க கம்பெனி வரலாறு?” என்று கேட்டார் வடிவமைப்பாளர்.

பக்கம் மாறியது. திறந்தவுடன் மேலேயே, ஒரு கப் மாவுக்கு எவ்வளவு வெந்நீர். அடுத்து, மாவு பிழிய வராமல் இறுகினால் என்ன செய்வது, பிசுபிசுத்தால் என்ன செய்வது. அதற்குக் கீழே புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். வரவேற்பு வீடியோ, செயலியை நிறுவச் சொல்லும் பட்டை எல்லாம் போயின. மாவுக் கையோடு போனைத் தொடுகிறவர் இரண்டு முறை தொட மாட்டார்.

அடுத்தது குறியீட்டின் அடர்த்தி. தயாரிப்பாளர் கொண்டுவந்த இணைப்பில், எங்கிருந்து வந்தார்கள் என்று கணக்கெடுக்கும் வால்களும் சேர்ந்து நூறு எழுத்து இருந்தது. வழக்கமான எம் நிலைப் பிழைதிருத்தத்தில் அதற்கு 41-க்கு 41 கட்டங்கள் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் குறியீட்டில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர்கூட வராது. பிளாஸ்டிக் படலத்தில் மை சற்றுப் பரவினாலே பக்கத்துக் கட்டங்கள் ஒட்டிக்கொள்ளும். அதையே https://maavu.example/i1 என்பதுபோல 24 எழுத்தாகச் சுருக்கினால் 25-க்கு 25 போதும், கட்டம் 0.8 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

சுருக்குவதற்கு இலவசச் சேவைகள் நிறைய உண்டு. அங்கே போகாமல் சொந்த முகவரியிலேயே செய்வது நல்லது. இலவசச் சேவை நின்றாலோ, திடீரென்று கட்டணம் கேட்டாலோ, கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்க முடியாது. என்ஜினெக்ஸ் சர்வரில் இதற்கு ஒரே வரி:

```
location = /i1 { return 302 /idiyappam/?utm_source=packet; }
```

கணக்கெடுக்கும் வால் இப்போது சர்வரில் இருக்கிறது, பாக்கெட்டில் இல்லை. 302 என்பது தற்காலிகத் திருப்பம். 301 போட்டால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு பக்கத்தை மாற்றினாலும் பழைய இடத்துக்கே போகக்கூடும். முகவரியை எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: கையிருப்பில் உள்ள அச்சிட்ட படலம் தீரும் காலம், அதன் மேல் மாவின் ஆயுள், அதன் மேல் ஒரு வருடம்.

போஸ்டருக்குக் கணக்கு வேறு. எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது தொழிலில் புழங்கும் உத்தேச அளவு. இரண்டு மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர். ஓடும் பஸ்ஸின் பின்புறத்தில் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் வீண்தான். இன்னொன்று, நம் ஊரில் க்யூஆர் என்றாலே பணம் கட்டுவது. பேசாமல் ஒரு குறியீட்டை மட்டும் ஒட்டினால் சிலர் பணம் செலுத்தும் செயலியைத் திறந்து நீட்டிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். சிலர் பயந்து தொடவே மாட்டார்கள். “செய்முறை பார்க்க, போன் கேமராவைக் காட்டுங்கள்” என்று பக்கத்தில் எழுதி, கீழே முகவரியையும் அச்சிட்டால் இரண்டு தயக்கமும் தீரும். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு என்பதால், அச்சிட்ட முகவரியும் திறக்கும் முகவரியும் ஒன்றா என்று பார்க்கவும் அது உதவும்.

சோதனையைக் கணினித் திரையில் செய்து திருப்தி அடைகிறவர்கள் அதிகம். திரையில் எல்லாக் குறியீடும் வேலை செய்யும். வடிவமைப்பாளர் கேட்பது அதே படலத்தில் அச்சிட்ட மாதிரி, உள்ளே மாவு நிரப்பி, சீல் வைத்தது. குறியீடு சீல் மடிப்பின் மேல் விழுகிறதா, சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறதா, வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டியூப்லைட்டின் கீழே பழைய போன் ஒன்றால் ஸ்கேன் செய்கிறார். இடியாப்பப் பாக்கெட்டின் முதல் மாதிரியில் பளபளப்புப் பூச்சு வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. பாக்கெட்டைச் சாய்த்தால்தான் போன் படித்தது. அந்த இடத்துக்கு மட்டும் மேட் பூச்சு கொடுத்த பிறகே சிலிண்டர் செதுக்க அனுமதி தந்தார்.