போர்டில் முடிந்தது, சர்வரில் முடிந்ததா?



“அந்த வேலை முடிஞ்சுதா?” என்று கேட்டால், “போர்டுல `Done`-க்குப் போயாச்சு சார்” என்று பதில் வருவதை மென்பொருள் வேலைக்குப் போகும் நாம் தினமும் கேட்கப் போகிறோம். இந்தப் பதில் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பல குழுக்களில், எழுதிய கோடை முதன்மைக் கிளையில் சேர்த்தவுடனே கார்டு தானாகவே `Done`-க்கு நகர்ந்துவிடும். ஆனால் கோடு அதன் பிறகுதான் பில்ட் ஆக வேண்டும், ஒவ்வொரு சர்வருக்கும் போய்ச் சேர வேண்டும், அங்கே புரோகிராம் மறுபடி தொடங்க வேண்டும். இதில் எந்தப் படியில் நின்றுபோனாலும் கார்டுக்குத் தெரியாது.

அப்படி நின்றுபோனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான பாடம். 2012 ஜூலை கடைசியில் அங்கே 8 சர்வர்களில் புதிய கோடைப் போட்டார்கள். போட்டவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய கோடு அப்படியே இருந்தது. அதை இயக்கிய அதே ஃபிளாகைத்தான் புதிய கோடும் பயன்படுத்தியது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த சர்வருக்கு வந்த ஆர்டர்கள் பழைய கோடைத் தட்டி எழுப்பிவிட்டன. கேட்ட பங்குகள் கிடைத்த பிறகும் அது நிற்காமல் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் விளைந்த நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல்!

இதில் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டிலுமே பழைய கோடு! நிலைமை இன்னும் மோசமானது.

சரி, நாம் எப்படிச் சரிபார்ப்பது? ஓர் எடுத்துக்காட்டு. தேர்வுக் கட்டண ரசீதில் தாமதக் கட்டணம் சேரவில்லை என்று ஒரு குறை. அதைத் திருத்திய கமிட்டின் எண் `4e1b7d2` என்று வைத்துக்கொள்வோம். பில்ட் செய்யும்போதே கமிட் எண்ணை உள்ளே பதித்துவிட வேண்டும். `/version` என்று கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமே அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். சர்வரில் உள்ள கோப்பைத் திறந்து பார்ப்பது போதாது. கோப்பு புதிதாக வந்திருக்கும், ஆனால் மறுபடி தொடங்காததால் நினைவகத்தில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்:

```
for s in app1 app2 app3; do
  echo "$s $(curl -s http://$s/version)"
done
```

விடை இப்படி வருகிறது:

```
app1 4e1b7d2
app2 4e1b7d2
app3 91c0aa8
```

பொது முகவரியில் மட்டும் கேட்டிருந்தால், லோட் பேலன்சர் நம்மை `app1`-க்கோ `app2`-க்கோ அனுப்பி, “எல்லாம் சரியா இருக்கே” என்று நினைக்க வைத்திருக்கலாம்.

எண் மாறினாலே தவறு என்று முடிவு கட்டவும் வேண்டாம். `91c0aa8` நம் திருத்தத்துக்குப் பின்னால் வந்த பில்டாகவும் இருக்கலாமே! அதை கிட்டிடமே கேட்கலாம்:

```
git merge-base --is-ancestor 4e1b7d2 91c0aa8
echo $?
```

0 வந்தால் நம் திருத்தம் அதற்குள் இருக்கிறது. 1 வந்தால் இல்லை. இங்கே 1 வருகிறது என்றால், `app3` வழியாகப் போகும் மாணவனுக்கு இன்னமும் தப்பான ரசீதுதான் கிடைக்கிறது.

மூன்று எண்ணும் சரியான பிறகும் ஒரு படி பாக்கி இருக்கிறது. சரியான பில்ட் ஓடுகிறது என்பதைத்தான் எண் சொல்லும்; குறை தீர்ந்ததா என்பதைச் சொல்லாது. அமைப்புக் கோப்பில் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும் எண் சரியாகவே வரும். ஆகையால், முதலில் குறை சொன்னவர் செய்த அதே படிகளைச் செய்து பாருங்கள். கடைசித் தேதிக்கு மறுநாள் தேதியிட்ட ஒரு சோதனைக் கட்டணத்தைப் போட்டு, ரசீதில் தாமதத் தொகை ஏறுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு, கார்டில் மூன்று வரி எழுதிவிடலாம்: ஓடும் பில்டின் எண், பார்த்த சர்வர்களின் பெயர்கள், சோதனை ரசீதில் வந்த தொகை. “முடிஞ்சுதா?” என்று அடுத்து கேட்பவருக்கு அந்த மூன்று வரியே பதில்.