ஆணி இல்லை, காற்று மட்டும் இறங்குகிறது!

கேள்வி: என் காரின் ஒரு ட்யூப்லெஸ் டயரில் 33 பிஎஸ்ஐ அடித்தால், ஒரே வாரத்தில் 25 ஆகிவிடுகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தும் ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள். வீடு கடற்கரைப் பக்கம். அலாய் வீல். என்ன காரணம்?

பதில்: மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது இயல்பு, உங்களுடையது கசிவுதான். முதலில் வால்வு மூடியைக் கழற்றி, வாயில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை மாற்றினால் போதும், சில ரூபாய்தான்.

குமிழி இல்லையென்றால் என் சந்தேகம் ரிம் மீது. உப்புக் காற்றில் அலுமினியம் அரித்து, டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் பெயின்ட் உரிந்து வெள்ளைப் பொடி பூக்கும். அந்தச் சொரசொரப்பின் வழியே காற்று மெல்லக் கசியும். சக்கரத்தைப் படுக்கவைத்து, டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். நுரை மெதுவாகத்தான் கிளம்பும். அவசரமாக முக்கி எடுத்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். மறுபக்கத்தையும் பாருங்கள், உள்பக்கம்தான் பலரும் மறப்பது.

டயரைக் கழற்றி, அரிப்பை வழவழப்பாகத் தேய்த்து, பீட் சீலர் தடவி மாட்டச் சொல்லுங்கள். டயரின் விளிம்பில் ஒட்டிய பொடியையும் துடைக்க வேண்டும். ரிம்மில் ஆழமான குழியோ விரிசலோ இருந்தால் சீலரை நம்பாதீர்கள், ரிம்மை மாற்றிவிடுங்கள்.