எங்களா, நமதா? ஒரு பெயர்ப்பலகையின் இலக்கணம்

நிபோங் திபால் அருகேயுள்ள பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சென்ற விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகச் சிறிய நூலகம் ஒன்று தொடங்க நண்பர்கள் கூடினோம். அலமாரி கிடைத்தது, நூல்களும் சேர்ந்தன. பெயர் வைப்பதில்தான் இரண்டு மாலைகள் கழிந்தன.

முதலில் வந்த பெயர் 'பைராம் இளைஞர் நூலகம்'. 'இளைஞர்' பலர்பால் சொல். இலக்கணப்படி ஆணையும் பெண்ணையும் சேர்த்தே குறிக்கும். ஆனால், பேச்சு வழக்கில் அதைக் கேட்டதும் பையன்களே நினைவுக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி, "அப்ப நாங்க வரலாமாண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு அப்பெயர் போயிற்று.

அடுத்து, கோயில் பெயரை வைக்கலாம் என்றார் ஒரு பெரியவர். அன்போடு சொன்னதுதான். ஆனால், எங்கள் வரிசையில் கிறித்துவக் குடும்பங்களும் உண்டு. இங்கே ஒரு பழைய முன்மாதிரியை நினைத்துப் பார்த்தேன். கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பொங்கலையொட்டித் தொடங்கிய விழாவுக்குத் 'தமிழர் திருநாள்' என்று பெயர் அமைந்தது. மொழியை முன்னிறுத்திய பெயர் என்பதால் எந்தச் சமயத்தவரும் அதைத் தமது விழா என்று சொல்ல முடிந்தது.

மூன்றாவதாக வந்தது 'எங்கள் நூலகம்'. எல்லோரும் கைதட்டினோம். வீடு திரும்பும்போதுதான் உறுத்தியது. தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதில் இல்லை. 'நாம்' என்றால் கேட்பவரும் உண்டு. இதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று படித்திருக்கிறோம். "எங்க வீட்டுக்கு வாங்க" என்று அழைத்தால் வருபவர் விருந்தாளி. "நம்ம வீட்டுக்கு வாங்க" என்றால் அவர் உறவு. 'எங்கள் நூலகம்' என்று பலகை மாட்டினால், வாசலில் நின்று அதைப் படிக்கும் பிள்ளை வெளியாள் ஆகிவிடுகிறது.

மறுநாள் 'நமது நூலகம்' என்று மாற்றினோம். பலகையில் மலாயும் வேண்டுமே என்றபோது இன்னொரு மகிழ்ச்சி காத்திருந்தது. மலாயிலும் இதே வேறுபாடு உண்டு. கேட்பவரை விலக்குவது 'காமி', சேர்ப்பது 'கித்தா'. ஆகவே 'பெர்புஸ்தாக்கான் கித்தா' என்று எழுதினோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'அவர்' என்ற ஒரே சொல்தான். முதலில் ஆங்கிலத்தில் யோசித்துப் பிறகு மொழிபெயர்த்திருந்தால் இந்த நுட்பம் தவறியிருக்கும்.

இப்பெயருக்கும் ஒரு குறை உண்டு. 'நமது நூலகம்' எந்த ஊரிலும் இருக்கலாம். ஆகையால் கீழே சிறிய எழுத்தில் 'பைராம் தோட்டம்' என்று சேர்த்தோம். ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதியிருந்தால் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் தயங்கியிருப்பார்கள்.

நீங்களும் மன்றத்துக்கோ பந்து குழுவுக்கோ பெயர் தேடினால், கூட்டத்தில் இல்லாத ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். "நானும் வரலாமா?" என்று அவர் கேட்டால், வேறு பெயர் தேடுங்கள்.