கொப்பித் தொகுதி விற்போர் கவனிக்க வேண்டியவை

பாடசாலைத் தவணை தொடங்கும்போது கொப்பிகளைத் தொகுதியாகக் கட்டி விற்பது, இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிறு முதலுடன் செய்யக்கூடிய வியாபாரம். ஆனால் கட்டிய தொகுதியைப் பிரித்துப் பார்த்து எவரும் வாங்குவதில்லை. ஆகவே உள்ளே இருப்பதை வெளியே எழுதி ஒட்ட வேண்டும். எழுதுமுன் நான்கு விடயங்களை நாமே சரிபார்க்க வேண்டும்.

1. பக்கம்

80 பக்கக் கொப்பியில் இருப்பவை 40 தாள்களே. நடுவில் கம்பி அடித்த கொப்பியை அந்த இடத்தில் விரித்தால் ஒரு பக்கத்தில் 20 தாள்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு கொப்பியை எண்ணிப் பாருங்கள்.

2. கோடு

கணிதத்திற்குச் சதுரக் கோடு, எழுத்துப் பழகும் சிறுவருக்கு இரட்டைக் கோடு, மற்றப் பாடங்களுக்கு ஒற்றைக் கோடு. எந்த வகுப்புக்கு எத்தனை என்று ஆசிரியரிடம் கேட்டே கட்டுங்கள்.

3. தாளின் நிறை

60 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீற்றர் தாள் 60 கிராம் நிறை கொண்டது. தாள் 20 சென்ரிமீற்றர் நீளமும் 16 சென்ரிமீற்றர் அகலமும் என்று கொள்வோம். அப்படியான 40 தாள்களின் பரப்பு 1.28 சதுர மீற்றர். 60 கிராம் தாளானால் மட்டை நீங்கலாக ஏறக்குறைய 77 கிராம். 50 கிராம் தாளானால் 64 கிராம். ஒரு கொப்பியில் இது கைக்குத் தெரியாது. 12 கொப்பிகளைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 150 கிராம் குறைவது தெரியும். ஈரம் பட்ட தாள் நிறை கூடிக் காட்டும். உலர்ந்த கட்டையே நிறுக்கவும். தராசு இல்லையேல் மைப் பேனையால் எழுதிப் பாருங்கள். மறுபக்கத்தில் மை ஊறினால் பிள்ளை ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதும். தவணை முடியுமுன் தாய் மீண்டும் கொப்பி வாங்க நேரிடும்.

4. கட்டிலுள்ள எண்ணிக்கை

ஒரு தொகுதிக்கு ஒற்றைக் கோடு 6, சதுரக் கோடு 2, இரட்டைக் கோடு 1 என்று வைப்போம். மொத்தக் கடையில் ஒரு கட்டில் 12 கொப்பிகள். பத்துத் தொகுதி கட்டினால் ஒற்றைக் கோடு 60 வேண்டும். 5 கட்டுகள் சரியாகப் போதும். சதுரக் கோடு 20 வேண்டும். 2 கட்டு வாங்க 4 மிஞ்சும். இரட்டைக் கோட்டில் 2 மிஞ்சும். இந்த 6 கொப்பிகளில் நமது பணம் முடங்கிவிடும். பன்னிரண்டு தொகுதி கட்டினால் 6, 2, 1 என ஒன்பது கட்டுகள்; ஒன்றும் மிஞ்சாது. கட்டில் 10 கொப்பிகள் இருந்தால் பத்துத் தொகுதியே பொருந்தும். ஆகவே முதலில் கட்டின் எண்ணிக்கையை விசாரித்து, அதன்பின் தொகுதியின் எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள்.

ஒட்டும் துண்டில் இவ்வாறு எழுதலாம்:

ஒற்றைக் கோடு 6, சதுரக் கோடு 2, இரட்டைக் கோடு 1. மொத்தம் 9 கொப்பிகள். ஒவ்வொன்றும் 80 பக்கம். தாள் 60 ஜி.எஸ்.எம்.

தாளின் நிறை கட்டில் அச்சிடப்படாமலும் நீங்கள் நிறுத்துப் பார்க்காமலும் இருந்தால், அந்த வரியை எழுத வேண்டாம்.

குழுவில் செய்து பார்க்க: ஒரு தொகுதிக்கு ஒற்றைக் கோடு 4, சதுரக் கோடு 3. கட்டுக்கு 12. ஒன்றும் மிஞ்சாமல் ஆகக் குறைந்தது எத்தனை தொகுதி கட்டலாம்?