மூன்று லட்சம் போட்டு ஜக்கார்டு வாங்கலாமா?

கேள்வி: பட்டுத் தறிக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு மாட்ட 3,00,000 ரூபாய் ஆகிறது. நான்கு ஆண்டுகளில் முறையே 60,000, 1,10,000, 1,40,000, 80,000 கூடுதலாகக் கையில் நிற்கும். 90,000 லாபம்தானே?
– நெசவாளர், சேத்துப்பட்டு

பதில்: அவசரப்படாதீர்கள். பணம் 12 சதவீத வட்டிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆண்டு வரவு மாறுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். முதலாண்டு வரவை 1.12-ஆல் ஒரு முறை வகுங்கள். இரண்டாமாண்டுக்கு இரண்டு முறை, அப்படியே நான்கு வரை. மூன்றாமாண்டின் 1,40,000 இன்றைக்கு 99,649தான்! நான்கையும் கூட்டினால் 2,91,752. முதலீட்டைக் கழித்தால் 8,248 குறைகிறது. இதுவே நிகர நிகழ்கால மதிப்பு. பூஜ்யத்துக்கு மேல் வந்தால் ஏற்கலாம், கீழே போனால் கூடாது.

வட்டியை வரவிலும் கழித்துவிடாதீர்கள்; வகுக்கும்போதே அது கணக்கில் வந்துவிட்டது.

ஒன்றை விட்டுவிட்டீர்கள்: இந்த ஜக்கார்டைப் பின்னாளில் விற்றால் கிடைக்கும் விலை. நான்காமாண்டு முடிவில் அது 20,000க்குப் போனால், இன்றைய மதிப்பு 12,710. விடை 4,462 மிகுதியாகிவிடும். ஆகவே அந்த விலையை நாலு பேரிடம் விசாரித்து உறுதி செய்யுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.