வாங்கும் முன்பே தோற்றுப் பாருங்கள்

"என் ஸ்டாப் லாஸை அடிச்சிட்டு, நேரா மேல போயிடுச்சு சார்!" பங்கு வாங்கி விற்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் புலம்பல் கேட்காமல் இருக்காது. அடுத்த வரியில் பழி யாரோ ஓர் ஆபரேட்டர் தலையில் விழும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான நேரம் அந்த ஸ்டாப் லாஸ் இருந்த இடமே தவறு. சரியான இடத்தை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க 'ப்ரீ-மார்ட்டம்' என்றொரு எளிய பயிற்சி உண்டு. பிணத்தை அறுத்துக் காரணம் தேடுவது போஸ்ட்மார்ட்டம். டிரேடு உயிரோடு இருக்கும்போதே, அது செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் எழுதுவது ப்ரீ-மார்ட்டம். இதைச் சுற்றியுள்ள ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வாங்கும்போதே தோல்வியை நினைப்பது அபசகுனம்; கை நடுங்கும்.

உண்மை: இந்த முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன். 2007-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் அவர் எழுதிய கட்டுரை, நிறுவனங்களின் திட்டங்களைப் பற்றியது. ஒரு திட்டத்தில் எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது, குறை தெரிந்தவரும் வாயைத் திறப்பதில்லை. 'திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன் என்று எழுதுங்கள்' என்று சொன்னால், குறை சொல்வதே எல்லோருக்கும் வேலையாகிவிடுகிறது.

தனியாக டிரேடு செய்பவருக்கும் இதே சிக்கல்தான். சார்ட்டைப் பார்த்து 'இது ஏறும்' என்று முடிவு செய்த பிறகு, ஏறுவதற்கான காரணங்கள் மட்டுமே கண்ணில் படும். அந்த மனநிலையில் வைக்கும் ஸ்டாப் லாஸ், 'எப்படியும் அங்கே வராது' என்ற நினைப்பில் வைக்கப்படும் சம்பிரதாயம்தான்.

நம்பிக்கை 2: 'என்ன தப்பாகலாம்' என்று நான் எப்போதும் யோசிக்கிறேனே, அதுவே போதும்.

உண்மை: 'தோற்கலாம்' வேறு, 'தோற்றுவிட்டது' வேறு. மிட்செல், ரூசோ, பென்னிங்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989-இல் இந்த வேறுபாட்டைச் சோதித்தார்கள். ஒரு விஷயம் நடக்கலாம் என்று சொல்லிக் காரணம் கேட்டதைவிட, நடந்தே விட்டது என்று உறுதியாகச் சொல்லிக் கேட்டபோது மக்கள் கூடுதலான, தெளிவான காரணங்களைச் சொன்னார்கள்.

நீங்களே செய்து பாருங்கள். 'இந்த டிரேடு தோற்கலாம்' என்று தொடங்கினால் 'மார்க்கெட் விழுந்தால் விழும்' என்று எழுதி முடித்துவிடுவீர்கள். 'இன்றிலிருந்து பத்தாவது நாள். பணம் போய்விட்டது. நடந்தது இதுதான்' என்று தொடங்கினால், எந்த நாள், எந்த விலை, என்ன செய்தி என்று கை தானாக விவரம் எழுதும். நமக்கு வேண்டியது அந்த விலைதான்.

நம்பிக்கை 3: வாங்கிய விலையிலிருந்து 2 சதவீதம் கீழே ஸ்டாப் வைத்தால் ஒழுங்கான டிரேடர்.

உண்மை: நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. ஸ்டாப் இருக்க வேண்டிய இடம், 'நான் வாங்கிய காரணம் பொய்' என்று விலையே சொல்லும் இடம். ஒரு கற்பனைப் பங்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு வாரமாக ஒரு பங்கு 470-க்கும் 505-க்கும் இடையே அடைபட்டிருந்தது. கடைசியாக 490-இலிருந்து கிளம்பி, 505-ஐ உடைத்து, நல்ல வால்யூமோடு 512-இல் முடிந்தது. நீங்கள் 512-இல் வாங்கப் போகிறீர்கள். அடைபட்டிருந்த பெட்டியின் உயரம் 35 ரூபாய். அதை 505-உடன் கூட்டினால் டார்கெட் 540. ஸ்டாப், வட்டமான எண் என்பதால் 500. பன்னிரண்டு ரூபாய் ரிஸ்க்குக்கு இருபத்தெட்டு ரூபாய் லாபம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது டிரேடு செத்துவிட்டது. காரணங்களை எழுதுங்கள்.

முதல் கதை: மறுநாள் விலை, உடைத்த கூரையைத் தொட்டுப் பார்க்க இறங்கியது. 505-இல் நிற்காமல் 498 வரை வழுக்கி, என் ஸ்டாப்பை அடித்து, மாலைக்குள் 510-க்கு ஏறியது.

இரண்டாம் கதை: பிரேக்அவுட் போலி. விலை பெட்டிக்குள் திரும்பி, ஏற்றம் தொடங்கிய 490-க்கும் கீழே போய்விட்டது.

மூன்றாம் கதை: எட்டாவது நாள் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் காலை 482-இல் தொடங்கியது.

நான்காம் கதை: இரண்டு வாரம் 505-க்கும் 515-க்கும் நடுவே ஊர்ந்தது. சலித்துப்போய் விற்றேன்.

இந்த நான்கில் முதல் கதையைக் கவனியுங்கள். அதில் வாங்கிய காரணம் பொய்யாகவில்லை, ஸ்டாப் மட்டுமே பொய்யானது. இந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாக 14 ரூபாய் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ரூபாய் தள்ளி வைத்த ஸ்டாப், அதன் ஒரு நாள் மூச்சுக்குள்ளேயே இருக்கிறது. அதை அடிக்க ஆபரேட்டர் எவரும் தேவையில்லை.

காரணம் உண்மையிலேயே பொய்யாவது இரண்டாம் கதையில்தான். ஏற்றம் பிறந்த 490 உடைந்தால், 'வாங்குபவர் கை ஓங்கிவிட்டது' என்ற என் வாதமும் உடைகிறது. அதற்குக் கீழே ஏறக்குறைய அரை நாள் அசைவு அளவுக்கு இடம் விட்டால் 484. இதுதான் நேர்மையான ஸ்டாப். மற்ற இரு கதைகளுக்கும் விலையில் பதில் இல்லை. முடிவு வரும் நாளுக்கு முன் வெளியேறுவது மூன்றாவதற்கு. பத்து நாளில் நகராவிட்டால் வெளியேறுவது நான்காவதற்கு.

நம்பிக்கை 4: ஸ்டாப்பைத் தள்ளி வைத்தால் நஷ்டம் கூடும்.

உண்மை: குவான்டிட்டியை மாற்றாமல் ஸ்டாப்பை மட்டும் தள்ளினால்தான் நஷ்டம் கூடும். மூன்று லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு டிரேடுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் இழக்கத் தயார் என்று வையுங்கள். ஸ்டாப் 500 என்றால் 250 பங்கு வாங்கலாம். 484 என்றால் பங்குக்கு 28 ரூபாய் ரிஸ்க், 107 பங்குதான். ஸ்டாப் அடித்தால் இரண்டிலும் ஏறக்குறைய அதே 3,000 ரூபாய்தான் போகும். இடத்தைச் சார்ட் சொல்லட்டும், எண்ணிக்கையைப் பர்ஸ் சொல்லட்டும். பலரும் 250 பங்கு வேண்டும் என்ற ஆசையில் தொடங்கி, அதற்கேற்ற ஸ்டாப்பைத் தேடுகிறார்கள்.

நேர்மைக்கு ஒரு விலை உண்டு. 28 ரூபாய் ரிஸ்க்குக்கு 28 ரூபாய்தான் லாபம். தரகு, வரியைச் சேர்த்தால், பாதிக்கு மேல் ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். அழகாகத் தெரிந்த டிரேடு சுமாரானது என்று இப்போது தெரிகிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, விட்டுவிடுவது. இன்னொன்று, விலை 505-க்கு இறங்கி வரக் காத்திருப்பது. அங்கே கிடைத்தால் ரிஸ்க் 21, லாபம் 35. 142 பங்கு வாங்கலாம். வராமலே ஏறிவிட்டால், அந்த வண்டி நமக்கில்லை. ப்ரீ-மார்ட்டம் செய்பவர் முதலில் கவனிக்கும் மாற்றம் இதுதான்: அவர் போடும் டிரேடுகளின் எண்ணிக்கை குறையும்.

நம்பிக்கை 5: ஸ்டாப் ஆர்டர் போட்டுவிட்டேன், அதற்கு மேல் நஷ்டம் வராது.

உண்மை: மூன்றாம் கதைக்குத் திரும்புங்கள். காலை 482-இல் தொடங்கிய பங்கில் 500 என்ற விலை கிடைக்கவே கிடைக்காது. சந்தை விலைக்கு விற்கும் ஸ்டாப் என்றால் 482-ஐ ஒட்டி விற்கும். 500-இல் தூண்டி 498-க்குக் குறையாமல் விற்கச் சொன்ன லிமிட் ஸ்டாப் என்றால், விற்காமல் அப்படியே தொங்கும். 250 பங்கு வைத்திருந்தவர் 482-இல் வெளியேறினால் நஷ்டம் 7,500. அவர் நினைத்திருந்ததோ 3,000. அதே காலையில் 484 ஸ்டாப்போடு 107 பங்கு வைத்திருந்தவருக்கு நஷ்டம் 3,210. நெருக்கமான ஸ்டாப் பாதுகாப்பானது என்று தோன்றும். அது வாங்க வைக்கும் பெரிய குவான்டிட்டி, கேப் டவுன் வரும் நாளில் திருப்பி அடிக்கும்.

2024 ஜூன் 3, திங்கட்கிழமை, தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-க்கு அருகில் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. அன்று மாலை நிஃப்டி சுமார் 21,885. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதச் சரிவு. முடிவு வரும் தேதி நாட்டில் எல்லோருக்கும் தெரியும். திங்களன்று வாங்கியவர் 'நாளை மாலை பணம் போய்விட்டது, ஏன்?' என்று எழுதியிருந்தால், முதல் வரியே வாக்கு எண்ணிக்கையாகத்தான் இருந்திருக்கும். எந்த விலையில் ஸ்டாப் என்பதைவிட, இத்தனை லாட்டோடு இரவைக் கடக்கலாமா என்ற கேள்வி அங்கே பெரிது.

இந்தப் பயிற்சியையும் ஏமாற்ற முடியும். ஆசைப்பட்ட டிரேடைக் காப்பாற்ற ஸ்டாப்பைத் தூரத் தள்ளி, அதற்கு 'ப்ரீ-மார்ட்டம்' என்று பெயர் வைக்கலாம். அதனால் குவான்டிட்டி கணக்குப் போடும் முன்பே எழுதி முடியுங்கள். வாங்கிய பிறகு அந்த விலையைக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் 'மார்க்கெட் விழுந்தது' என்றே எழுதினால், நீங்கள் எழுதவில்லை, ஒப்பேற்றுகிறீர்கள்.

பலிக்கிறதா என்று பார்க்க ஒரு நோட்டு போதும். ஸ்டாப் அடித்த இருபது டிரேடுகளை எடுத்து, வெளியேறிய பிறகு விலை எங்கே போனது என்று பாருங்கள். பெரும்பாலானவை டார்கெட்டுக்குப் போயிருந்தால், உங்கள் ஸ்டாப் இன்னும் அன்றாட அசைவுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானவை மேலும் விழுந்திருந்தால், இடம் சரி. நீங்கள் எழுதாத காரணத்தால் செத்தவை அதிகம் என்றால், அந்தக் காரணம் அடுத்த முறை பட்டியலில் முதலில் வர வேண்டும்.

ப்ரீ-மார்ட்டம் நஷ்டத்தை நிறுத்தாது. 484-இல் வைத்த ஸ்டாப்பும் அடிபடும். அடிபடும்போது உங்கள் வாதமும் சேர்ந்து தோற்றிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. அடுத்த முறை வாங்கும் பட்டனைத் தொடும் முன் ஒரு வரி எழுதுங்கள்: 'இந்த டிரேடு தோற்றுவிட்டது, ஏனென்றால்...' அந்த வரியை ஒரு விலையாலோ ஒரு தேதியாலோ முடிக்க முடியவில்லை என்றால், அன்று வாங்காதீர்கள்.