ஞாயிறு 12 பேர், செவ்வாய் 5 பேர்: பிரியாணிக் கடைக்கு டியூட்டி சார்ட் போடுவது எப்படி?

வேலையில இருந்துக்கிட்டே நண்பரோட கடையில ரெண்டு, மூணு லட்சம் போட்டு பார்ட்னர் ஆகணும்னு நினைக்கிறீங்களா? வாடகை, அட்வான்ஸ், அரிசி விலை எல்லாம் விசாரிச்சிருப்பீங்க. "எத்தனை ஆள் வைக்கப் போறீங்க, அந்த எண் எப்படி வந்துச்சு?"ன்னு நண்பர்கிட்ட கேட்டிருக்க மாட்டீங்க. மாசா மாசம் உங்க காசு சத்தமில்லாம கரையற இடம் அதுதான்.

கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்குவோம். கொருக்குப்பேட்டையில ஒரு பிரியாணிக் கடை. மதியமும் ராத்திரியும் வியாபாரம். வட சென்னையில ஞாயித்துக்கிழமைன்னா கறி, மீன்தான். காசிமேட்டுல அன்னைக்குக் காலையில கால் வைக்க இடம் இருக்காது. புதன்கிழமையும் கறி நாள். செவ்வாய், வெள்ளியில நிறைய வீட்டுல கவுச்சி கிடையாது. ஆனா வெள்ளி மதியம் தொழுகை முடிஞ்சு வர்றவங்க இருப்பாங்க, அதனால வெள்ளி செவ்வாய் அளவுக்கு விழாது. அதாவது இங்க "வார நாள்", "வார இறுதி"ன்னு ரெண்டா பிரிச்சா தப்பாயிடும். ஏழு நாளையும் தனித்தனியா பார்க்கணும்.

முதல் வேலை, பில்லிங் மெஷின்ல இருந்து கடைசி 8 வார பில்லை எடுங்க. நாள் மொத்தம் வேண்டாம், அந்த நாளோட உச்ச ஒரு மணி நேரத்துல எத்தனை பில் விழுந்துச்சுன்னு பாருங்க. ஆள் பத்தாம போறது அந்த நேரத்துலதான். எட்டு செவ்வாயை ஒரு பக்கம், எட்டு புதனை ஒரு பக்கம்னு வரிசையா எழுதி, மேல இருந்து ரெண்டாவது எண்ணை எடுத்துக்குங்க. சராசரி எடுத்தா பாதி வாரம் தடுமாறுவீங்க. உச்சத்தை எடுத்தா, என்னைக்கோ ஒரு நாள் வந்த கல்யாண ஆர்டருக்காக வருஷம் முழுக்க சம்பளம் கொடுப்பீங்க.

அடுத்தது பில்லை ஆளா மாத்தறது. கடைக்கு ஒருத்தருமே வரலைன்னாலும் நாலு வேலைக்கு ஆள் வேணும்: சமையல், பரோட்டா, கல்லா, கழுவுறது. அதுக்கு மேல உச்ச நேரத்துல 10 பில்லுக்கு ஒரு ஆள்னு வைப்போம். உங்க கடையில இது 8 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். ரெண்டு வாரம் நின்னு பார்த்தா தெரிஞ்சிடும்.

| நாள் | உச்ச நேர பில் | தேவை |
|---|---|---|
| திங்கள் | 20 | 6 |
| செவ்வாய் | 10 | 5 |
| புதன் | 40 | 8 |
| வியாழன் | 30 | 7 |
| வெள்ளி | 20 | 6 |
| சனி | 40 | 8 |
| ஞாயிறு | 80 | 12 |

மொத்தம் 52 ஆள்-நாள். ஒருத்தர் வாரத்துக்கு 6 நாள் வருவார், அதனால 52-ஐ 6-ஆல வகுத்தா 9 பேர் போதும்னு தோணும். ஆனா ஞாயிறு மூணு பேர் குறையும். சரி, 12 பேரை வேலைக்கு எடுத்தா? 72 ஆள்-நாளுக்குச் சம்பளம் கொடுத்து 52-ஐத்தான் பயன்படுத்துவீங்க. மீதி 20 ஆள்-நாள் செவ்வாய் மதியம் செல்போன் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும்.

இது பழைய சிக்கல்தான். 1954-ல நியூயார்க் சுங்கச்சாவடிகள்ல நேரத்துக்கு நேரம் வண்டி கூடிக் குறையறப்போ எத்தனை ஊழியர் வேணும்னு லெஸ்லி ஈடி ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் ஜார்ஜ் டான்ட்சிக் அதுக்கு ஒரு கணித வழி சொன்னார். நம்ம கடை அளவுக்குக் கழித்தல் கணக்கே போதும்.

ஞாயிறை ஒதுக்கி வெச்சிட்டுப் பாருங்க. மீதி ஆறு நாள்ல அதிகபட்ச தேவை 8. அப்போ நிரந்தர ஆள் 8. ஒவ்வொரு நாளும் 8-ல இருந்து தேவையைக் கழிங்க: திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 0, வியாழன் 1, வெள்ளி 2, சனி 0. கூட்டினா 8. எட்டு பேருக்கு எட்டு ஆஃப், சரியா உட்காருது. இந்தக் கூட்டுத்தொகை 6-தான் வந்திருந்தா, ரெண்டு பேருக்குத் தேவைப்படற நாள்லயே ஆஃப் கொடுக்க வேண்டி வரும். அந்த நாளுக்கும் பகுதிநேர ஆள் தேடணும். ஞாயிறு குறையற 4 பேரை மதியத்துக்கு மட்டும், 11-ல இருந்து 4 வரை, பகுதிநேரமா எடுத்துக்கலாம்.

காசு எவ்வளவு மாறுது? மாசச் சம்பளம் 18,000, ஞாயிறு கூலி 600-னு வைங்க. 12 நிரந்தர ஆள்னா 2,16,000. 8 நிரந்தரம், 4 ஞாயிறு ஆள்னா 1,53,600. அஞ்சு ஞாயிறு வர்ற மாசத்துல 1,56,000. மாசம் 60,000 வித்தியாசம்.

எண் சரியா வந்ததும் பேர் எழுதி முடிச்சிடாதீங்க. எட்டு பேரும் ஒரே வேலை தெரிஞ்சவங்க இல்லை. பெரிய மாஸ்டரும் சின்ன மாஸ்டரும் ஒரே நாள் ஆஃப்ல போனா அன்னைக்கு தம் போட ஆள் கிடையாது. அதனால திங்கள் சின்ன மாஸ்டர், ஒரு சப்ளையர். செவ்வாய் பெரிய மாஸ்டர், ஒரு சப்ளையர், கிளீனர். வியாழன் கல்லாக்காரர். வெள்ளி பரோட்டா மாஸ்டர், மூணாவது சப்ளையர். கிளீனர் எந்த நாள் போனாலும் யாராவது தட்டு கழுவித்தான் ஆகணும். தட்டு குறைவா விழற செவ்வாய்தான் அதுக்கு ஏத்த நாள். அன்னைக்கு எந்த சப்ளையர் கழுவப் போறார், வெள்ளி பரோட்டாவை சின்ன மாஸ்டர் போடுவாரா, வியாழன் கல்லாவுல யார் உட்காருவாங்க, இதெல்லாம் சார்ட்லயே எழுதியிருக்கணும். இல்லன்னா அன்னைக்குச் சண்டைதான்.

நேரமும் முக்கியம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. சப்ளையருக்கு 11-ல இருந்து 3, அப்புறம் 6.30-ல இருந்து 10.30. சமையல்காரர் சீக்கிரம் வருவார், அதனால சீக்கிரம் போகணும். 48-ஐத் தாண்டினா கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். மாசம் 18,000 வாங்கறவரோட ஒரு நாள் கூலி, 26 நாளுக்கு வகுத்தா, சுமார் 692. ஆஃப்ல இருக்கறவரைக் கூப்பிட்டா சுமார் 1,385 ஆகும். ஞாயிறு ஆள் 600-க்கே வருவார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு இதுலயே தெரியுது.

இந்த சார்ட்ல உபரியே கிடையாது, ஒருத்தர் வரலைன்னா ஓட்டை விழும். அதனால ஞாயிறு நாலு இடத்துக்கு ஆறு பேர் பட்டியல்ல இருக்கணும். பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் 18 வயசு தாண்டின கல்லூரிப் பசங்க கிடைப்பாங்க. கடைக்கு நடந்து வர்ற பையனா பாருங்க. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர், கூட்ஸ் வண்டி நின்னுட்டா 12.30 மணி கூட்டத்துக்கு வந்து சேர மாட்டார்.

இன்னொரு சிக்கல் மெதுவாத்தான் வெளிய வரும். நிரந்தர ஆள் எட்டு பேருக்கும் ஞாயிறு ஆஃபே இல்லை. சொந்தக்காரங்க கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிறுலதான். ஆறு மாசத்துல நல்ல சப்ளையர் சொல்லாம கொள்ளாம நின்னுடுவார். வாரம் 600 கூடுதலா கொடுத்து அஞ்சாவது ஞாயிறு ஆளைப் போட்டா, சப்ளையர், கிளீனர், கல்லாக்காரர்னு முறை வெச்சு வாரத்துக்கு ஒருத்தரை அனுப்பலாம். கல்லாக்காரர் முறை வர்ற ஞாயிறு, வியாழன் உட்காருற சப்ளையரே கல்லாவைப் பார்த்துக்குவார். மாஸ்டர்களுக்கு இது நடக்காது, அவங்க இடத்துல புதுப் பையனை நிறுத்த முடியாது. அவங்ககிட்ட முன்னாடியே பேசி, புரட்டாசியில ஞாயிறு கொடுங்க. அந்த மாசம் பில் எப்படியும் விழும்.

ஞாயிறு போறவரோட வழக்கமான ஆஃபை வெட்டலாம்னு நண்பர் சொல்வார். செவ்வாய் ஆஃப் உள்ளவருக்கு அதை எடுத்துட்டு அதே வாரக் கடைசி ஞாயிறைக் கொடுத்தா, முந்தின புதன்ல இருந்து அந்தச் சனி வரை தொடர்ந்து 11 நாள் வேலை பார்ப்பார். சார்ட்டை ஒரு வாரமா மட்டும் பார்த்தா இது கண்ணுலயே படாது. ரெண்டு வாரத்தை ஒட்டி வெச்சுப் பாருங்க. அதோட, செவ்வாய் அவரைக் கூப்பிட்டாலும் செய்ய வேலை இல்லை, அன்னைக்கு 5 பேரே போதும். அந்த வாரம் ரெண்டு ஆஃபா விட்டுடுங்க. செலவு அதே 600-தான்.